வெள்ளிக்கிழமைக்குள்

அறுபதாம் கல்யாணத்துக்குச் சாப்பாடு முடிவாகிவிட்டதா என்று கேட்கத்தான் ஜெனிட்டா பதிவில் இருந்த கைபேசி எண்ணுக்குப் போன் போட்டாள். மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி இருக்கிற விடுதியொன்றில் அவளுக்கு வேலை. மண்டபம் பதிவு செய்கிறவர்களிடம் பேசுவது, மாற்றங்களைக் குறித்துக்கொள்வது, யாராவது ரத்து செய்தால் பணத்தைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்வது எல்லாம் அவள் பொறுப்பு. அந்த மண்டபத்தைப் பதிவு செய்திருந்தவன் ஹரிகிருஷ்ணன். கேளம்பாக்கத்தில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவன். "அப்பா அம்மாவுக்குத் தெரியாம செய்யறேங்க. வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டுடாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

போனை எடுத்தது வேறு குரல்.

"ஹரிகிருஷ்ணன் சாருங்களா? அறுபதாம் கல்யாணத்துக்கு மெனு கேட்டிருந்தீங்க..."

"யாருக்கு அறுபதாம் கல்யாணம்?"

ஜெனிட்டா பதிவில் இருந்த பெயர்களைப் படித்தாள். ராமானுஜம், சகுந்தலா. அந்தக் குரல், "நான்தாம்மா ராமானுஜம். ஹரி போயிட்டான். ஈசிஆர்ல பைக்ல வரும்போது லாரி மோதிடுச்சு" என்றது.

அவரே தொடர்ந்தார். "நிகழ்ச்சி வேண்டாம்மா. ரத்து பண்ணிடு. ஒண்ணு மட்டும். இது என் மனைவிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். தாங்கமாட்டா."

ராமானுஜம் கல்பாக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டெக்னீஷியனாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். டவுன்ஷிப் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு புதுப்பட்டினத்தில் வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஹரி ஒரே பிள்ளை. கல்யாணமாகவில்லை.

விடுதி நிர்வாகம் அந்த விஷயத்தில் கறாராக நடந்துகொள்ளவில்லை. நிகழ்ச்சிக்கு மிக நெருக்கத்தில் ரத்து செய்தால் முன்பணம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், ஒன்றேகால் லட்சத்தையும் முழுசாகத் திருப்பித் தரச் சம்மதித்தது. ஒப்புதல் வந்த அன்றே ஜெனிட்டா அதைக் கணினியில் பதிந்தாள். எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்ததோ அதே கணக்குக்குத்தான் திரும்பிப் போகும். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. ராமானுஜத்தைக் கூப்பிட்டு, "ஒரு வாரத்துல வந்துடும் சார்" என்றாள்.

வரவில்லை. அவர் கூப்பிட்டார். அவள் திரையைப் பார்த்தாள். அதே 'அனுப்பப்பட்டது'. "எங்க பக்கத்துல முடிஞ்சுடுச்சு சார். பேங்க்ல கொஞ்சம் லேட் ஆகும்" என்றாள். மறுபடியும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். மற்ற வாடிக்கையாளர்களைப் போல அவர் ஒரு நாளும் சத்தம் போடவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவார். அந்தச் 'சரிம்மா' தான் அவளை உறுத்தியது.

ஒரு நாள் காலையில் அவரே விடுதிக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. முகம் மட்டும் நாலு நாளாகச் சவரம் காணாதது.

"என் பேங்க்ல போய்க் கேட்டேன்மா. இங்க எதுவும் நிக்கலைங்கறாங்க. எனக்குப் பணம் பெருசில்ல. ஆனா ஒவ்வொரு தடவை உனக்குப் போன் பண்ணும்போதும் மொட்டை மாடிக்குப் போக வேண்டியிருக்கு. யாருக்குப் போன்னு அவ கேக்கறா. பொய் சொல்றேன். இந்த வயசுல, இந்த நேரத்துல, அவகிட்ட தினம் ஒரு பொய்."

ஜெனிட்டாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னாளே தவிர, பணம் எங்கே இருக்கிறது என்று அவள் ஒரு தடவைகூடத் தேடவில்லை. "உட்காருங்க சார். இன்னிக்கு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்று அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பணப் பரிமாற்றத்தை நடத்தித் தரும் நிறுவனத்துக்குப் போன் போட்டாள். பரிவர்த்தனை எண்ணைச் சொன்னாள். அவர்கள் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு சொன்னார்கள்.

பணம் போயிருக்கிறது. ஹரியின் வங்கி அதை ஏற்காமல் திருப்பிவிட்டது. காரணம்: கணக்குதாரர் காலமானார்.

வங்கிக்கு மரணச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்து, நாமினி என்ற முறையில் கணக்கை முடித்தவர் ராமானுஜம்தான். அதற்குப் பிறகுதான் விடுதி பணம் அனுப்பியிருக்கிறது. அது ஹரியின் கணக்குக்குத்தான் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கணக்குப் பிரிவில் வரதன் என்பவர் இருந்தார். ஜெனிட்டா அவரிடம் ஓடினாள். "அண்ணே, அந்தப் பணம் நம்ம அக்கவுண்டுக்கே திரும்பி வந்துக்கீது. கொஞ்சம் பாரு."

வரதன் தேடிப் பார்த்தார். இருந்தது. யாருடையது என்று தெரியாத வரவுகளோடு சேர்ந்து கிடந்தது. "பேரு இல்லாம வந்துக்கீதும்மா. எவனுதுன்னு எனக்கு இன்னா தெரியும்? ஒரு லெட்டர் போடு. 'தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம், விரைவில் வந்து சேரும்'னு எழுது. முடிஞ்சுது."

"இன்னும் ஒரு தடவை 'விரைவில்'னு என்னால சொல்ல முடியாதுண்ணே. இன்னா தேவை, எப்போ போவும், அத்த சொல்லு."

வரதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். பணம் கட்டியவர் இல்லாததால் இனி வாரிசுகளுக்குத்தான் கொடுக்க முடியும். மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எந்தக் கணக்குக்குப் போடுவது என்ற விவரம். வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள எல்லாரும் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிட்டால் புதன்கிழமை முதலாளி ஒப்புதல் தருவார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கணக்கில் ஏறிவிடும்.

"வெள்ளிக்கிழமைன்னு எழுதித் தரலாமா?"

"எழுது. நான் பாத்துக்கறேன்."

அவள் திரும்பி வந்து ராமானுஜத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். பணம் இப்போது விடுதியின் கணக்கில் பத்திரமாக இருக்கிறது என்றாள். ஏன் திரும்பி வந்தது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "இதை நாங்க முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும் சார். பாக்காம விட்டது எங்க தப்பு." பிறகு தேவையானவற்றைச் சொன்னாள்.

அவர் பையிலிருந்து வாரிசுச் சான்றிதழின் நகலை எடுத்தார். ஹரியின் பி.எஃப் பணத்துக்காக ஏற்கெனவே வாங்கியது. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன.

"அவளும் கையெழுத்துப் போடணுமா?"

"ஆமா சார்."

"அப்போ இந்தப் பணமே வேண்டாம்மா. எதுக்கு அவகிட்ட நான் இதைப் போய்ச் சொல்லணும்? உன் பிள்ளை நமக்கு மாலை மாத்திப் பாக்க ஆசைப்பட்டான், அதுக்குள்ள போயிட்டான்னா?" எழுந்துவிட்டார். காபி அப்படியே ஆடை படிந்து கிடந்தது.

அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் ஜெனிட்டா பின்னாலேயே போனாள். "சார், வேண்டாம்னு நீங்க மட்டும் சொல்ல முடியாது. இது அம்மாவுக்கும் அவங்க பிள்ளை விட்டுட்டுப் போனது." சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "நீ செய்யூர் பஸ்லதானே வீட்டுக்குப் போறே? வழியில இறங்கிட்டுப் போறியாம்மா? என்னால தனியாச் சொல்ல முடியல."

திங்கட்கிழமை சாயங்காலம் ஜெனிட்டா புதுப்பட்டினத்தில் இறங்கினாள். கதவைத் திறந்தது சகுந்தலா. ஒல்லியான, உயரமான பெண்மணி. ஹரியின் நண்பர்களில் யாரோ என்று நினைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். கூடத்தில் படத்துக்குப் போட்டிருந்த சந்தன மாலையில் தூசி சேர ஆரம்பித்திருந்தது.

ராமானுஜம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஜெனிட்டா தான் சொல்லலாமா என்று அவரைப் பார்த்தபோது, தலையை ஆட்டி மறுத்துவிட்டு அவரே ஆரம்பித்தார். "சகுந்தலா, ஹரி நமக்கு அறுபதாம் கல்யாணம் பண்ண மகாபலிபுரத்துல மண்டபம் எடுத்திருந்தான். நமக்குச் சொல்லாம."

அந்த அம்மாள் அழுவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அழவில்லை. "உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"காரியம் முடிஞ்ச வாரம்."

"அப்பலேர்ந்து நீங்க மட்டும் வெச்சுட்டிருந்தீங்க."

சகுந்தலா ஜெனிட்டா பக்கம் திரும்பினார். "அவன் உங்கிட்ட என்ன சொன்னான்? எல்லாத்தையும் சொல்லு."

ஜெனிட்டா நினைவிலிருந்து எடுத்துச் சொன்னாள். அம்மாவுக்கு முட்டி வலி, மேலே ஏற வேண்டாம், தரைத்தள மண்டபமே கொடுங்கள் என்று சொன்னது. அப்பாவுக்குச் சர்க்கரை, அதனால் பாயசத்தை அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள் என்று சொல்லிச் சிரித்தது. நாதஸ்வரம் வேண்டும், ஸ்பீக்கரில் பாட்டுப் போடக்கூடாது என்றது. ஒவ்வொன்றையும் சகுந்தலா வாய்க்குள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

பிறகு காகிதத்தைக் கேட்டார். ஜெனிட்டா சம்மதப் படிவத்தோடு விடுதியின் கடிதத்தை நீட்டினாள். இதுவரை நடந்தது, பணம் திரும்பி வந்த காரணம், இப்போது இருக்கும் இடம், வெள்ளிக்கிழமை மாலைக்குள் கணக்கில் சேரும் என்ற உறுதி, எல்லாம் நாலைந்து வரிகளில் இருந்தன. கீழே அவள் பெயரும் கைபேசி எண்ணும்.

சகுந்தலாவின் விரல் ஒரு சொல்லில் நின்றது. காலமானார்.

"இந்த வார்த்தையை மட்டும் வேற மாதிரி எழுதக்கூடாதாம்மா?"

"எழுதலாம்மா. ஆனா அதனாலதான் பணம் திரும்பி வந்தது. அதைத் தேடிப் பாக்காததாலதான் சாரை இத்தனை தடவை அலைய விட்டுட்டேன்."

அந்த அம்மாள் வெகுநேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படிவத்தில் தன் கணக்கு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கணவரிடம் நீட்டாமல் மேசையின் மேல் வைத்தார். அவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெனிட்டா கிளம்பியபோது வாசல் வரைக்கும் வந்த அந்த அம்மாளுக்கு, "பிள்ளைக்காகச் சேர்ந்து அழக்கூட என்னை விடல பார் இவர்" என்றபோதுதான் குரல் உடைந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் காகிதங்கள் வரதன் மேசைக்குப் போயின. புதன்கிழமை முதலாளி சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வரதன் கார் வரைக்கும் போய் ஒப்புதல் வாங்கிவந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானமே பணம் போய்விட்டது. இந்தத் தடவை ஜெனிட்டா திரையை நம்பவில்லை. சகுந்தலாவின் கணக்கில் ஏறிய செய்தி வந்ததா என்று போன் செய்து கேட்டாள்.

"வந்திருக்கும்மா" என்றார் சகுந்தலா. "என்ன பண்றதுன்னு தெரியல. அப்படியே கிடக்கட்டும்."

அந்த மாதக் கடைசியில் இருவரும் மண்டபத்தைப் பார்க்க வந்தார்கள். வேறு விசேஷம் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து ஜெனிட்டாதான் வரச் சொல்லியிருந்தாள். சகுந்தலா உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ராமானுஜம் கூடப் போகவில்லை. வெளியே சவுக்கு மரங்களுக்குக் கீழே நின்றார்.

"இப்போ எப்படி சார் இருக்காங்க?"

"எங்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டாம்மா" என்றார் அவர். "திட்டத்தான் செய்யறா. காலையில எழுந்ததும் ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும். நடுவுல அழுவா. நானும் அழுவேன்."

உள்ளேயிருந்து சகுந்தலா அவர் பெயரைச் சொல்லாமல், "இங்க வாங்க" என்று கூப்பிட்டார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.