நூறு கிராமுக்கு எவ்வளவு?

ஆக்ராவுக்குப் பள்ளிச் சுற்றுலா. மகளை அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கமே இல்லை. ஏழாம் வகுப்பில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பிடும் ஒவ்வொன்றிலும் எவ்வளவு கார்போஹைட்ரேட் என்று கணக்குப் போட்டுத்தான் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கை இரண்டு வருடமாக நான்தான் போட்டு வந்தேன். யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆசிரியைகள் உடன் வருகிறார்களாம், வரட்டுமே! அவர்களுக்கு என்ன தெரியும் என்று வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அரிசியும் அப்பளமும் வாங்கப் போனபோது அவளும் கூட வந்தாள். பஸ்ஸில் தோழிகளோடு கொறிக்க ஒரு பாக்கெட் வேண்டுமாம். இன்னும் நான் சரி என்றே சொல்லவில்லை, அதற்குள் பாக்கெட்டாம்.

கடையில் வறுத்த மக்கானா, அதுதான் தாமரை விதைப் பொரி, ஒன்று; ராகி சிப்ஸ் ஒன்று. இரண்டையும் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடியை ஏற்றிப் படித்தேன். 'பர் சர்விங்', அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கு, என்ற இடத்தில் சிப்ஸுக்குப் பன்னிரண்டு கிராம் கார்போஹைட்ரேட், மக்கானாவுக்குப் பதினைந்து.

"சிப்ஸ்தான் கம்மி. இதை எடு" என்றேன், பெரிய நிபுணர் மாதிரி.

"அம்மா, சர்விங் எவ்ளோன்னு பாரு. சிப்ஸ்ல இருபது கிராம், மக்கானால முப்பது. ரெண்டும் ஒண்ணா? நூறு கிராமுக்கு என்னன்னு பாரு."

பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். சிப்ஸில் அறுபது, மக்கானாவில் ஐம்பது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் அவசரத்தில் எத்தனை பாக்கெட்டை இப்படி எடைபோட்டேனோ!

"அச்சா, அப்போ மக்கானா. பதினஞ்சுக்கு ஊசி போட்டுக்கோ" என்றேன், தோல்வியை மறைத்து.

"பதினஞ்சு ஒரு சர்விங்குக்கு. பாக்கெட் அறுபது கிராம்மா. நான் பாதியில நிறுத்துவேனா? முழுசாத் தின்னா முப்பது. முப்பதுக்குத்தான் போட்டுக்கணும். ஃப்ரெண்ட்ஸ் பாதியைப் பிடுங்கிட்டா பதினஞ்சு. அதனால தனியாக் கிண்ணத்துல எடுத்து வச்சுக்கிட்டுத்தான் தின்பேன்."

கடைக்காரர் பில் போடாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவளைப் பார்த்தேன். இவள் எப்போது இவ்வளவு பெரியவள் ஆனாள்? நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றை, என் பயத்தைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டிருக்கிறாள். சந்தோஷம்தான், சொல்லிவிடுகிறேன்.

"பையா, மக்கானா தோ" என்று கடைக்காரரிடம் இந்தியில் சொல்லி இரண்டு பாக்கெட்டைக் கல்லாமேல் வைத்தேன். பிறகு அவளிடம் கேட்டேன், "சனிக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு?"

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அஞ்சரைக்கு. நானே அலாரம் வச்சுக்கறேன், நீ தூங்கு."