மத்தளையில் இறங்கிய வொலி

தங்கச்சியின் கல்யாணத்தன்று வீட்டில் எல்லாருக்கும் ஒவ்வொரு வேலை இருந்தது. எனக்குக் கிடைத்தது எங்கள் அண்ணனை, நானாவை, பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. நானா வீட்டில் இருந்தால் அது பெரிய காரியமில்லை. அவர் ஆகாயத்தில் இருந்தார். டோஹாவிலிருந்து இரவு புறப்பட்டு, விடியும்போது கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கே காத்திருக்கும் வேனில் ஏறி, காலையிலேயே எங்கள் ஊர் எத்தாளைக்கு வந்து நிக்காஹ்வுக்கு உட்கார வேண்டும். லீவு அப்படித்தான் கிடைத்தது. ஒரு நாள் முந்தி வந்திருந்தால் என்ன என்று உம்மா கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தா. அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நானா வராமல் நிக்காஹ் இல்லை. வாப்பா மௌத்தான பிறகு தங்கச்சிக்கு வொலி, அதாவது பெண்ணைப் பொறுப்பாக நின்று கொடுக்க வேண்டியவர், நானாதான். தான் வர முடியாவிட்டால் இன்னொருவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். அந்த இன்னொருவர் யார் என்பதில்தான் தகராறு. வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. வெங்காயத்துக்கு யார் முதலில் மோட்டர் போடுவது என்று ஒரு நாள் தொடங்கிய கதை, நானா எல்லார் முன்னாலும் சாச்சாவைப் பார்த்து, "இந்த வீட்டுப் பொம்பளப் புள்ளைகளுக்கு நீங்க வொலியா நிக்க வேண்டி வராது" என்று சொன்னதில் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஸலாம்கூட இல்லை. கல்யாணத்துக்குச் சாச்சாவுக்குச் சொல்லியிருந்தோம், சொல்லாவிட்டால் ஊர் சும்மா விடாது என்பதற்காக.

சுபஹு தொழுததும் போனைத் திறந்தேன். நானா அனுப்பியிருந்த விமான எண்ணைப் போட்டால் படத்தில் குட்டி மஞ்சள் விமானம் ஒன்று வரும். அதற்குள் தங்கச்சி தன் போனில் பார்த்துவிட்டு, நானா இறங்கிவிட்டார் என்று கூவினாள். உம்மா அல்லாஹ்வுக்கு ஷுக்ரும் செய்து முடித்துவிட்டா. வாங்கிப் பார்த்தால் அது முந்தின நாள் விமானம். ஒவ்வொரு நாளும் அதே எண்ணில்தான் ஒன்று பறக்கிறது, திகதியைப் பார்க்க வேண்டும். கல்யாணப் பெண் என்பதால் ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

அன்றைய விமானம் அரபிக் கடலுக்கு மேல் இருந்தது. விமானம் விடுகிற சமிக்ஞையைத் தரையில் இருக்கிற கருவிகள் பிடித்தால்தான் சரியான இடம் தெரியும். நடுக்கடலில் சில நேரம் கருவி எட்டாது, அப்போது ஒரு மதிப்பில்தான் காட்டும் என்று உம்மாவுக்கு விளக்கினேன். தவறு செய்துவிட்டேன். என் மகனை மதிப்பில் காட்டுகிறார்களா என்று உம்மா தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டா.

இதற்கிடையில் கோக்கியார் வந்து நின்றார். கல்யாணச் சமையலுக்கு அவரை விட்டால் எங்கள் பக்கத்தில் ஆளில்லை, அது அவருக்கும் தெரியும். பலர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் சோறு ஆவி பறக்கப் போக வேண்டும், ஆறிய சோற்றுக்குத் தன் பெயரைக் கெடுக்க மாட்டார். அதனால் எப்போது அரிசி போடுவது என்று என் போனைக் கேட்டுத்தான் செய்வாராம். மன்னார்க் கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் சொல்லு, மீதியை நான் கணக்குப் பண்ணிக்கொள்கிறேன் என்றார்.

விமானம் எங்களுக்குக் கிட்ட இருக்கிற கற்பிட்டிக்கு நேரே வந்ததும் நான் சத்தம் போட்டுவிட்டேன். வீட்டில் இருந்த அத்தனை பேரும் முற்றத்துக்கு ஓடினார்கள். தெற்கே இறங்கிப் போகிற ஒரு வெளிச்சம் தெரிந்தது. உம்மா அதற்கு ஸலாம் சொல்லிக் கையை அசைத்தா. கோக்கியார் அண்ணாந்து பார்த்தார், போய் அடுப்பை மூட்டினார். முதல் கிடாரம் ஏறியது.

அந்த நேரத்தில்தான் சாச்சா வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி, வேலிக்கு அப்பாலிருந்தே அத்தர் மணம். உம்மா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. மாப்பிள்ளைக்கே இவ்வளவு உடுப்பு இருக்காது, இவர் வொலியாக நிற்க ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறார் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கும் அப்படித்தான் பட்டது. சாச்சா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்றார். ஆனால் நகரவில்லை.

விமானம் நீர்கொழும்புக்குக் கிட்டப் போய், இறங்காமல் திரும்பியது. படத்தில் பின்னால் வருகிற கோடு ஒரு நீள வட்டம் போட்டது. பிறகு அதன் மேலேயே இன்னொரு வட்டம். சாமான் எதையாவது மறந்துவிட்டானா என்று உம்மா கேட்டா. சாச்சா தொண்டையைச் செருமினார்.

"கட்டுநாயக்கவில பனிமூட்டம். ஓடுபாதை தெரியாது. கொஞ்சம் சுத்திப் பார்த்துட்டு மத்தளைக்குக் கொண்டு போவான்."

உம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் வந்து நின்று வாய் வைக்கிறார் என்று அறைக்குள் போய்ச் சுவரிடம் சொன்னா. சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் கேட்டது. மூன்றாவது வட்டம் முடிந்ததும் மஞ்சள் விமானம் மூக்கைத் திருப்பித் தெற்கே போகத் தொடங்கியது. கொழும்பைத் தாண்டியது, காலியைத் தாண்டியது, தெற்குக் கோடியில் இருக்கிற மத்தளை விமான நிலையத்தில் இறங்கியது. படத்திலிருந்தே மறைந்துவிட்டது. விமான எண்ணுக்கு நேரே வேறு இடத்துக்குத் திருப்பப்பட்டது என்று சிவப்பில் வந்தது. எனக்கு அழுகை வந்தது. சாச்சா சொன்னபடி நடந்ததுதான் அதைவிட எரிச்சல்.

இறங்கியதும் நானா போனில் கதைத்தார். யாரையும் வெளியே விடவில்லையாம், பனி விலகினால் அதே விமானம் திரும்பக் கட்டுநாயக்கவுக்கு வருமாம், எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லையாம். பஸ்ஸில் ஏறி வரச் சொல் என்றா உம்மா. கோக்கியாரின் சோறு வெந்துவிட்டது. அது யாருக்காகவும் காத்திருக்காது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் வேறு வழியில்லாமல் சஹன்களை வைத்துவிட்டோம். நிக்காஹ் நடக்கவில்லை, கல்யாணச் சாப்பாடு முடிந்துவிட்டது. மாப்பிள்ளையும் நன்றாகத்தான் சாப்பிட்டார்.

பிறகு நிக்காஹ்வைப் பதிய வந்திருந்த பதிவுகாரர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்குப் புத்தளத்தில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. மூத்தவர் போனில் இருக்கிறார்தானே, சாச்சாவுக்குப் பொறுப்பைக் கொடுக்கிறேன் என்று அவர் வாயால் ஒரு சொல் சொன்னால் போதும், காரியத்தை முடித்துவிடலாம் என்றார். சபையே தலையாட்டியது. நான் நானாவுக்கு எடுத்தேன். அவர் முடியாது என்றார். உம்மா வாங்கினா. அவவும் மனமில்லாமல்தான் கேட்டா, ஆனால் தங்கச்சி உடுத்தி முடித்து உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். போன் திரும்ப என் கைக்கு வந்தது. பிறகு, சரி, அவரிடம் கொடு என்று என்னிடம் சொன்னார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது.

சாச்சாவைக் காணோம். கை கால் கழுவி ஒழு எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஒழு எடுத்து ஆயத்தமாகிறார் பார் என்று உம்மா முணுமுணுத்தா. நான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சாச்சா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கால் நனையவில்லை. கையில் தன் போனை வைத்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த அதே படம், மத்தளை ஓடுபாதை. நான் என் போனை நீட்டினேன். அவர் அதைக் காதில் வைத்தார். நானா ஏதோ தொடங்குவது கேட்டது. சாச்சா அவரை முடிக்க விடவில்லை.

"ஒண்டும் சொல்லத் தேவல்ல. நீ வா. நாங்க நிக்கிறம்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அந்தக் கிணற்றடிச் சண்டைக்குப் பிறகு நானாவிடம் அவர் சொன்ன முதல் கதை அது. இதை எப்போது போனில் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"அவன் லீவுல வாறான் எண்டு கடையில கதைப்பாங்க, மகள். எந்த பிளேன் எண்டு நான் யாருட்டக் கேக்குற? டோஹாவில இருந்து வாற எல்லாத்தையும் பார்ப்பன். எல்லாம் இறங்கினாத்தான் படுக்கிற."

பனி, வட்டம், மத்தளை எல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கும் ஒன்று காட்டித் தந்தார். எண்ணைப் போட்டுத் தேடினால் திருப்பிவிட்ட கதையோடு நின்றுவிடும்; விமானத்தின் பதிவு எழுத்துகளைப் போட்டால் அந்த விமானம் எங்கே போனாலும் பிடிக்கலாம். போட்டேன். இரண்டு பேரும் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து வெறும் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மஞ்சள் விமானம் முளைத்தது. மெல்ல ஊர்ந்தது, ஓடியது, கடற்கரைப் பக்கம் கிளம்பியது. சாச்சா என் தோளில் ஒரு அடி போட்டார். நன்றாகவே வலித்தது.

சாச்சா சபைக்குத் திரும்பி வந்து பதிவுகாரரிடம், பெண்ணின் வொலி காலிக்கு மேலே வந்துகொண்டிருக்கிறார், அவர் இருக்க நான் எப்படி நிற்பது என்றார். புத்தள நிக்காஹ்வை முடித்துவிட்டு வாருங்கள், நானே கொண்டுபோய் நானே கூட்டி வருகிறேன் என்றும் சொன்னார். சாச்சாவிடம் இருப்பது வெங்காயம் ஏற்றுகிற சின்ன லொறி. பதிவுகாரர் அதன் முன் சீட்டில், அங்கியை மடியில் சுருட்டிக்கொண்டு போனார். உம்மா வாசலில் நின்று அந்த லொறி போகிற திசையையே பார்த்தா. பிறகு கோக்கியாரிடம் போய் இன்னொரு கிடாரம் ஏற்றச் சொன்னா. அவர் என்னிடம் வந்தார். இந்த முறை விமானத்தைப் பார்த்து அரிசி போட மாட்டாராம், ஆள் வேனில் மதுரங்குளி தாண்டியதும் சொன்னால் போதுமாம்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. கசங்கிய சட்டையோடு நானா வொலியாக உட்கார்ந்தார். சாட்சிக் கையெழுத்து இரண்டில் ஒன்று சாச்சாவுடையது. இரண்டு பேரும் அன்று அதிகம் கதைக்கவில்லை. ஒரே சஹனில் சாப்பிட்டார்கள், நானா இறைச்சியைச் சாச்சாவின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் கேட்டதை அன்றைக்கே நானாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு வாயில் எதுவும் நிற்காது.

லீவு முடிந்து புறப்படுகிற அன்று பெட்டியெல்லாம் வேனில் ஏறிய பிறகு நானா இறங்கி வேலிப் பக்கம் நடந்தார். சாச்சா அங்கே கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நானா போகிற விமானத்தின் எண்ணைச் சொன்னார். திரும்பி வருகிற விமானத்தின் எண்ணையும் சொன்னார். சாச்சா மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டையும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நல்லம் வாப்பா," என்றார். "இனி ஒரு பிளேனைப் பார்த்தாப் போதும்."