‘களை’ என்று கமெண்ட் போட்டவர்

பெரம்பலூரில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். விவசாய டிப்ளமா முடித்தவள் நான். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் முதலாளி கடை லைசென்ஸை வைத்திருந்தார். எனக்கும் அவருக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. அவருக்கு என் படிப்பு வேண்டும், என் வாய் வேண்டாம்.

கடைக்கு ஆன்லைனில் ஒரு பக்கம் தொடங்கலாம் என்றது நான்தான். வயலில் நின்றபடி ஒரு நிமிடத்துக்கு ரீல் எடுத்துப் போடுவேன். மக்காச்சோளத்தில் படைப்புழு, பருத்தியில் சாறுறிஞ்சும் பூச்சி என்று பேசுவேன். ஒவ்வொரு ரீலுக்குக் கீழேயும் ஒரே கேள்வி நூறு முறை வரும்: “டேங்குக்கு எவ்வளவு மருந்து?” ராத்திரி சோறு போட்டுக்கொண்டே ஒவ்வொருவருக்கும் பதில் தட்டுவேன். விரல் வலிக்கும். பாதிப் பேருக்குப் பதில் போவதற்குள் அவர்கள் வயலில் புழு இலையைத் தின்று முடித்திருக்கும்.

அதனால் தானாகப் பதில் அனுப்பும் வசதியை நானே பொருத்தினேன். மக்காச்சோளக் களையைப் பற்றி ரீல் போட்டு, “களைன்னு கமெண்ட் பண்ணுங்க, அளவு உங்க டிஎம்முக்கு வரும்” என்றேன். கமெண்ட் விழுந்த அடுத்த நொடி, “விவரம் வேணுமா?” என்று ஒரு பட்டனோடு செய்தி போகும். அதை அழுத்தினால் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய படம் போகும். முதல் மாதம் நன்றாகவே இருந்தது. அரும்பாவூரில் ஒருவர் வரப்பில் நின்றபடியே அளவு பார்த்துக் கலக்கியதாகக் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்கு ஒரு பெருமை.

ஆனால் ஜனங்கள் ‘களை’ என்று மட்டும் எழுத மாட்டார்கள். ‘களை மருந்து’, ‘களைக்கொல்லி சொல்லுங்க’ என்று எழுதினால் எதுவும் போகாது, திட்டு விழும். எனவே, கமெண்டில் எந்த இடத்தில் அந்தச் சொல் வந்தாலும் அனுப்பு என்று விதியை மாற்றினேன். அதையும் செய்தது நான்தான். இதை மறைத்து எழுதினால் மீதியெல்லாம் பொய்யாகிவிடும்.

முதலாளி அதன் பிறகுதான் ருசி கண்டார்.

“பட்டன அமுக்குனவன சும்மாவா வுடுறது? திரும்பத் திரும்ப அனுப்பு.”

“ஒரு தடவ போனா போதும் சார். மேல போனா தொல்லன்னு ரிப்போர்ட் அடிச்சுருவாங்க.”

“ஒங்கிட்ட யோசனையா கேட்டேன்?”

ஒருவர் பட்டனை அழுத்திய பிறகு ஒரு நாள் வரைக்கும் செய்தி அனுப்ப, நாங்கள் பக்கம் வைத்திருந்த ஆப் விடும். அந்த ஒரு நாளுக்குள் மூன்று செய்திகள் போகும்படி அவரே அமைத்தார். செய்தி பெற்றவர் ஏதாவது பதில் எழுதினால் வரிசையை நிறுத்தும் வசதியும் அதில் இருந்தது. அதைப் போடச் சொன்னேன். போடவில்லை. மற்ற பதிவுகளில் எந்தக் கமெண்ட் விழுந்தாலும் விளம்பரம் போகும்படியும் வைத்தார். பொங்கல் வாழ்த்துக்குக் கீழே கும்பிடு போட்டவர்களுக்கும் உர விளம்பரம் போனது. என்னோடு படித்தவள் ஒருத்தி, “ஏன்டி இப்படி உயிர எடுக்குறீங்க?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தை பிளாக் செய்தாள். இன்பாக்ஸ் குப்பையாகிவிட்டது. அதில் யார் உண்மையாகக் கேட்கிறார் என்று தேடுவதை நானும் விட்டுவிட்டேன்.

ஒரு காலை, கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில், ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். குன்னம் பக்கம். கையிலிருந்த சாக்கைக் கல்லாப் பெட்டிமேல் கவிழ்த்தார். சின்ன வெங்காயப் பயிர். இலை முழுக்க வெளுத்து, நுனி கருகிக் கிடந்தது. மண் என் பில் புத்தகத்தில் கொட்டியது.

“யாரு இந்த ரீலு பேசுறவ?”

“நாந்தாங்க.”

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மக்காச்சோள ரீலுக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: ‘வெங்காயத்தில் களை அதிகம், என்ன அடிக்கலாம்?’ ‘களை’ என்ற சொல் இருந்தது, செய்தி போயிருக்கிறது. மக்காச்சோளத்துக்கான மருந்து. வெங்காயத்தில் பட்டால் கருகும் மருந்து. படத்தில் பயிரின் பெயரை நான் பொடி எழுத்தில் மூலையில் போட்டிருந்தேன்.

அதற்குக் கீழே அவர் கேட்டிருந்தார்: ‘வெங்காயத்துக்கும் இதானே?’

அதற்குக் கீழே, வரிசையில் வந்த எங்கள் இரண்டாவது செய்தி: ‘இன்னும் வாங்கவில்லையா? தாமதிக்காதீர்கள், இன்றே தெளியுங்கள்!’

“கேட்டேன்ல? அடின்னு சொன்னீங்கல்ல? அரியலூர்ல கடையில இதக் காட்டித்தான் வாங்குனேன்” என்றார்.

முதலாளி எழுந்து வந்தார். “வாங்குன கடையில போயி கேளுய்யா. இங்க வந்து எதுக்குக் கத்துற? மிஷினு அனுப்புனதுக்கு நாங்க என்ன பண்றது?”

“மிஷினு எவன் வூட்டு மிஷினு? ஒன் கடப் பேருதான்யா போட்டுருக்கு!”

முதலாளி என்னை உள்ளே இழுத்துப் போனார். “அந்த மெசேஜ அன்சென்ட் பண்ணு. அவன் போன்லயும் போயிரும்.”

“முடியாது சார்.”

“லைசென்ஸு ஓஞ் சர்டிபிகேட்ல இருக்கு. மாட்டுனா நீதான் மாட்டுவ, தெரியும்ல?”

தெரியும். அதனால்தான் அழித்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. வெளியே அந்த மனிதர் சிந்திய பயிரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி தன் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பதைப் பார்த்ததும் நான் வெளியே ஓடினேன்.

“ஐயா, ஒடனே அத ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. கமெண்டையும் எடுங்க. அழிக்கப் போறாங்க.”

அவருக்கு எடுக்கத் தெரியவில்லை. போனை வாங்கி நானே எடுத்தேன். நான்காவது படம் எடுக்கும்போது எங்கள் செய்தி திரையிலிருந்து மறைந்தது. முதலாளி கதவருகே நின்று, பொம்பளையிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டேன்.

“தப்பு எங்க மேலதாங்க. வேளாண்மை ஆபீஸ்ல மனு குடுங்க, நான் வந்து சொல்றேன்” என்றேன் அவரிடம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ ஒத்துக்கிட்டா எம்பயிரு எந்திரிச்சு நின்னுருமா?”

மனு கொடுத்தார். நானும் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன், விதியை மாற்றியது நான் என்பதையும் சேர்த்து. அதிகாரி வயலைப் பார்க்கக் கிளம்பியபோது நானும் போனேன். வெங்காயக்காரரின் மனைவி வரப்பிலேயே என்னைத் தடுத்தார். “நீ எறங்காத. மண்ணு மிதிக்காத.” வெயிலில் ரோட்டிலேயே நின்றேன். கடைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. என் சான்றிதழை விலக்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன். எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன். அவர் வெங்காயத்தை உழுதுவிட்டு, மக்காச்சோளம் போட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த மருந்து மண்ணில் தங்கும், அப்போதைக்கு அங்கே வேறு எதைப் போட்டாலும் பயம்தான்.

ஆறு மாதமாக அரியலூரில் வேறொரு கடையில் இருக்கிறேன். இங்கும் ஒரு பக்கம் உண்டு. தானாகப் போகும் பதிலும் உண்டு. அது இல்லாமல் அத்தனை பேருக்கும் ஒருத்தியால் எழுத முடியாது. ஆனால் போவது ஒரே செய்திதான்: ‘இது தானியங்கிப் பதில். எந்தப் பயிர், எத்தனை நாள் பயிர் என்று எழுதுங்கள்.’ அளவை நான் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். இந்த முதலாளியும் முனகுகிறார். “பக்கத்துக் கடைக்காரன் ஒரு நாளைக்கு மூணு மெசேஜ் வுடுறான், நீ ஒண்ணோட நிக்கிற.”

“வேற ஆளு பாத்துக்கங்க சார்” என்று சொல்லிவிட்டு, வந்திருந்த கேள்விகளில் முதலாவதைத் திறந்தேன். உடையார்பாளையத்திலிருந்து ஒருவர், முந்திரித் துளிரில் தேயிலைக் கொசு என்ற பூச்சி விழுந்திருப்பதாக எழுதியிருந்தார். எத்தனை வருட மரம் என்று கேட்டு எழுதினேன்.