நன்றிக் கடிதத்தோடு இரண்டு சிவப்பு நூல்

மரியம்மாள் யாரையும் சட்டென்று பகைத்துக்கொள்கிறவள் அல்ல. பகைத்துக்கொண்டால் சட்டென்று விடுகிறவளும் அல்ல. தென்னேரிப் பக்கத்துக் காலனியிலிருந்து பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் வந்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, பட்டுக்கடை சிட்டிபாபுவிடம் கடிதம் எழுதும் வேலையில் சேர்ந்தவள் அவள். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போன கடிதங்களையெல்லாம் அவள்தான் எழுதினாள். கீழே கையெழுத்துப் போடுகிற சிரமத்தை மட்டும் முதலாளி எடுத்துக்கொண்டார். அவளுக்கு உட்கார இடம் பின்கட்டில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே. குடிக்கத் தனி டம்ளர். அதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

ஒருநாள் பம்பாய் வியாபாரி ஒருவர் கடைக்கு வந்து, "உங்க கடிதம் படிக்கவே சந்தோஷமா இருக்குது" என்று சிட்டிபாபுவைப் பாராட்டினார். கையெழுத்துக்குக் கடிதம் கொண்டுவந்து வைத்த மரியம்மாள், "நான்தான் எழுதறேன் சார்" என்று சொல்லிவிட்டாள். சொன்னது அவ்வளவுதான். அன்று சாயங்காலமே வேலை போயிற்று. வேலை போனதோடு விட்டிருந்தால்கூட மரியம்மாள் ஒருவேளை மறந்திருப்பாள். "அந்தப் பொண்ணுக்குக் கை நீளம், ஜாக்கிரதை" என்று சிட்டிபாபு கடைகடையாகச் சொல்லிவைத்தார். கடைத்தெருவில் ஒருவரும் அவளை உள்ளே விடவில்லை. வாலாஜாபாத்தில் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், காரணம் சொல்லக்கூடக் கூசி, ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். ஜபமாலையை உருட்டும்போதுகூட அவளுக்குச் சிட்டிபாபுவின் முகம்தான் வந்தது. அது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் நினைத்தாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் மெட்ராஸ் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று சின்ன காஞ்சிபுரத்தில் ஆபீஸ் திறந்தது. கடிதம் எழுதவும் வருகிற சரக்கைப் பார்த்து வாங்கவும் ஓர் ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. மரியம்மாள் மனுப் போட்டாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் வேலாயுதம் மெட்ராஸ்காரர், கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தாதவர். டைப் அடிக்கச் சொன்னார், அடித்தாள். டிக்டேஷன் கொடுத்தார், எடுத்தாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"பழைய வேலையை ஏன் விட்டீங்க?"

"எழுதற விஷயத்துல முதலாளிக்கும் எனக்கும் ஒத்துப்போகலை சார்."

"எங்களுக்குச் சரக்கு குடுக்கிற சிட்டிபாபு வேற மாதிரி சொன்னாரே."

இங்கேயும் வந்துவிட்டானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில் அடுத்த கேள்வி காதில் பாதிதான் விழுந்தது. லண்டனில் சேலைக்கடை வைத்திருக்கிற ஒரு குஜராத்திக்காரர், ஒரே சிவப்பு கேட்டால் ஒவ்வொரு சேலையும் ஒவ்வொரு சிவப்பாக வருகிறது என்று எழுதியிருக்கிறாராம். என்ன பதில் எழுதுவாய் என்று வேலாயுதம் கேட்டார். "மன்னிப்புக் கேட்டு எழுதுவேன் சார்" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "சரி, சொல்லி அனுப்பறோம்" என்றார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் தெரியாதவளா அவள்.

நேரே லோகாம்பாளின் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனாள். லோகாம்பாள் அவளோடு பரீட்சை எழுதியவள். அப்பா விட்டுப்போன பழைய மெஷின்களை வைத்துப் பிள்ளைகளுக்கு டைப் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மெஷின் குடு லோகா. அந்த ஆளுக்கு நன்றி சொல்லி லெட்டர் எழுதணும்."

"நன்றியா? உன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலியே."

தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வர்த்தகக் கடிதப் பாடத்தில் இப்படி ஒரு மாதிரிக் கடிதம் உண்டு: பேட்டிக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள. ஊரில் யாரும் அதை எழுதியதில்லை. இன்டர்வியூ முடிந்தால் கட்சிக்காரரையோ கோயில் தர்மகர்த்தாவையோ பிடித்துச் சிபாரிசுக் கடிதம் அனுப்புவதுதான் வழக்கம். மரியம்மாள் நன்றி என்று ஒரு வரி அடித்தாள். அதன் கீழே சிட்டிபாபு அரைச் சரிகையை அசல் சரிகை என்று விற்றது, நெய்கிறவர்களுக்குக் கூலியை இழுத்தடித்தது, தன்னைத் திருடி என்று சொன்னது எல்லாவற்றையும் கொட்டினாள். மெஷின் சத்தத்தில் பக்கத்துப் பிள்ளைகள் விரலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

லோகாம்பாள் வாங்கிப் படித்தாள். "இது நன்றி லெட்டரா, போலீஸ் பெட்டிஷனா? இதப் படிச்சா அவரு இன்னா நெனப்பாரு தெரியுமா? நாளைக்கு நம்மளப் பத்தியும் இப்படித்தான் எழுதுவாள்னு நெனப்பாரு. சிட்டிபாபு சொன்னது சரிதான்னு ஆயிடும்."

மரியம்மாளுக்கு அது உறைத்தது. காகிதத்தைக் கிழித்தாள். பாடப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே அடித்துப் பார்த்தாள். அதுவும் பிடிக்கவில்லை. பலகாரம் கொடுத்து அனுப்பிய வீட்டுக்குப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கலாமா? ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுப்போம். அந்த மேனேஜருக்கு இப்போது என்ன வேண்டும்? லண்டன்காரருக்குப் பதில் வேண்டும். அந்தப் பதிலைத்தான் அவள் சொதப்பிவிட்டு வந்திருந்தாள்.

யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. சிவப்பு ஏன் ஒவ்வொன்றாக வருகிறது என்று அவளுக்குத் தெரியாதா? சிட்டிபாபு ஆர்டர் வாங்கும்போது ஒரே சிவப்பு என்பார். பட்டை மொத்தமாக வாங்கிச் சாயம் போட்டால் காசு முடங்கும் என்று, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, கிடைத்த சாயக்காரரிடம் தனித்தனியாகப் போட்டு வாங்குவார். சாயத்தொட்டிக்குத் தொட்டி சிவப்பு மாறத்தான் மாறும். கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றாகத் தெரியும். இதற்கு ஒரு வழி செய்தால் கம்பெனி பிழைக்கும்; சிட்டிபாபு மாட்டுவார். ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், அவர் பெயரைக்கூட எழுத வேண்டாம். மரியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

தெரிந்த சாயக்காரர் முனிரத்தினத்திடம் ஓடிப்போய், ஒரே சிவப்பு என்று இரண்டு தொட்டியில் போட்ட நூலில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிவந்தாள். அன்றைக்கே கடிதத்தை இங்கிலீஷில் அடித்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இன்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. லண்டன் வாடிக்கையாளர் பற்றிய தங்கள் கேள்விக்கு நான் சொன்ன பதில் போதாது. மன்னிப்பு மட்டும் கேட்டால் அடுத்த சரக்கும் அப்படியேதான் வரும். இத்துடன் உள்ள இரண்டு நூலையும் ஜன்னலோரம் வைத்துப் பார்க்கவும். இரண்டும் ஒரே சிவப்பு என்று போட்டவை, தொட்டிதான் வேறு. ஓர் ஆர்டருக்கு வேண்டிய பட்டு முழுவதையும் ஒரே தடவையில் சாயம் போட்டு, தறியில் ஏற்றுமுன் அந்த நூலில் கொஞ்சம் வெட்டி, ஒன்றை வாடிக்கையாளருக்கும் ஒன்றை வியாபாரிக்கும் கொடுத்து, ஒன்றை நாம் வைத்துக்கொண்டால், சரக்கு வரும்போது பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பார்த்து வாங்கலாம். பட்டுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பது வியாபாரி என்பதால், நிறம் மாறினால் நெய்தவர் கூலியில் பிடிக்கக் கூடாது. லண்டனுக்கு எழுதக்கூடிய பதிலின் வரைவு ஒன்றை இணைத்துள்ளேன். என் பழைய வேலை பற்றி நேரில் சொன்னதற்கு மேல் சேர்க்க எதுவுமில்லை."

ஒரு பக்கத்துக்குள் முடித்தாள். வேலை கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. "கடைசி வரியில கொஞ்சம் அழுதிருக்கலாம்" என்றாள் லோகாம்பாள். "அழுதா அந்தச் சிட்டிபாபுதான் ஜெயிச்சான்" என்று சொல்லி, மறுநாள் காலையில் மரியம்மாள் தானே போய் ஆபீஸ் வாசலில் கொடுத்துவிட்டு வந்தாள்.

வேலாயுதத்தின் மேசையில் சிபாரிசுக் கடிதங்கள் கட்டாகக் கிடந்தன. எல்லாம் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று சொன்னவை. அவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்து வந்த கடிதம் இது ஒன்றுதான். இரண்டு நூலையும் ஜன்னலில் வைத்துப் பார்த்தார். இணைத்திருந்த பதிலை ஒரு வார்த்தை மாற்றாமல் லண்டனுக்கு அனுப்பிவிட்டு, மரியம்மாளுக்கு ஆள் அனுப்பினார்.

அவள் எழுதிய யோசனையே கம்பெனியின் விதி ஆயிற்று. சரக்கு கொடுக்கிற வியாபாரிகள் எல்லாரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். சிட்டிபாபுவும் போட்டார். கையெழுத்துப் போடுவதில் அவருக்கு என்றைக்கும் தயக்கம் இருந்ததில்லை. லண்டன் ஆர்டரும் அவருக்கே போயிற்று. போகட்டும் என்று மரியம்மாள் பேசாமல் இருந்தாள். வேறு வியாபாரியின் பெயரை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காத்திருந்தாள்.

தை மாசத்தில் சரக்கோடு அவரே வந்தார். சரக்கை ஒத்துப் பார்க்கிற மேசைக்குப் பின்னால் அவளைப் பார்த்ததும் கால் தயங்கியது. உடனே சுதாரித்துக்கொண்டு, "அட, நம்ம பொண்ணுதானா. நல்லாக்கிறியாமா?" என்றார்.

"உக்காருங்க" என்றாள் மரியம்மாள். நல்ல நாற்காலியைத்தான் காட்டினாள்.

சேலைகளை ஒவ்வொன்றாக வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனாள். "இங்கேயே லைட் இருக்குதே, எதுக்குமா அம்மாந்தூரம்?" என்றார் அவர். அவள் கம்பெனிக்கென்று வெட்டி வைத்த நூலை எடுத்தாள். ஒவ்வொரு சேலையிலும் வைத்துப் பார்த்தாள். பாதிச் சேலை ஒத்தது. மீதியில் ஒன்று குங்குமமாக இருந்தது, ஒன்று செங்கல்லாக இருந்தது. அவர் மாறவே இல்லை, அவள் எதிர்பார்த்தபடியே. ஒத்ததையும் ஒவ்வாததையும் இரண்டு அடுக்காக மேசையில் வைத்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது.

அடுக்குகளைப் பார்த்துச் சிட்டிபாபு எழுந்து கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்த விஷயத்த மனசுல வச்சிக்கினு செய்யாதமா. கை நீளம்னு நான் சொன்னது சும்மா ஒரு கோவத்துல சொன்னது. நீ ஒரு குண்டூசிகூட எடுத்தது கெடையாது, எனக்குத் தெரியாதா? யாருமா அதப்போய் நம்பினாங்க?"

யார் நம்பினார்கள். தெருவே நம்பியது. வாலாஜாபாத் நம்பியது. இவ்வளவு நாளும் தன்னைத் தூங்கவிடாத ஒரு வார்த்தை, சொன்னவருக்குச் சும்மாவாக இருந்திருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. மேனேஜருக்குக் கேக்கலை" என்றாள்.

உள்ளிருந்து வேலாயுதம் வந்து நின்றார். சிட்டிபாபு இரண்டு பேரையும் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், சத்தமாகவே சொன்னார். சொல்லிவிட்டு, கணக்கு நேராகிவிட்ட மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ சரக்க எடுத்துக்கலாமில்ல?" என்றார்.

"சிவப்பு ஒத்து வரலைங்க" என்றாள் மரியம்மாள். "நெய்தவங்க கூலியில பிடிக்காதீங்க. கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவர் ஒவ்வாத சேலைகளைத் தானே மூட்டையாகக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வேலாயுதம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"அந்த லெட்டரை எங்களுக்காக எழுதினீங்களா, அவருக்காக எழுதினீங்களா?"

மரியம்மாள் ஒத்து வந்த சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் சார் உக்காந்தேன்" என்றாள். "மீதியெல்லாம் அவருக்குத்தான்."