இழுப்பறை முத்திரை

மினெகிஷி சட்சுகிக்கு நாற்பத்து மூன்று வயது. ஹமானோ கடைத்தெருவைப் படம்பிடித்து, கடைக்காரர் சங்கத்துக்காக வாரம் ஒரு காணொளி போடுவது அவள் வேலை. அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் திருமண மண்டபங்களில் படமெடுத்தாள். அங்கே எல்லா முகங்களையும் காட்ட வேண்டும். இங்கே பாதி வேலை மறைப்பதுதான்.

படமெடுக்கும் நாளில் தெருவின் இரு வாசலிலும் அறிவிப்புத் தட்டி வைப்பாள். வழியே போனவர்களின் முகங்களை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மங்கலாக்குவாள். பிள்ளைகளின் பெயர்ப்பட்டை, பள்ளித் தொப்பி, எதையும் விடமாட்டாள். முகம் தெரியப்போகிறவர்களிடம் முதலிலேயே சம்மதப் படிவம் வாங்குவாள். காணொளி எங்கே வெளியாகும், எத்தனை நாள் இருக்கும், பிறகு வேண்டாமென்று தோன்றினால் யாரை அழைப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். குழந்தை என்றால் பெற்றவரின் சம்மதம் வேண்டும்.

மீன்கடை ஹிராகா மட்டும் ஒருநாளும் எழுதித் தந்ததில்லை.

"என் மூஞ்சியப் போட்டா இருக்கிற வாடிக்கையும் ஓடிரும், சட்சுகி-சான். மீனைக் காட்டுங்க. அதுங்க வழக்குப் போடாது."

"எதுக்கும் மீன்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக் குடுத்துடுங்க" என்பாள் சட்சுகி.

உருளைக்கிழங்கைப் பிசைந்து பொரித்து விற்கும் தொகுனாகாவின் கொரோக்கே கடைக்கு நான்கு படிவங்கள் கொடுத்தாள். வேலை செய்யும் மூன்று பெண்களுக்கும், அவர்களில் ஒருத்தியான நிஷியோ சிகுசாவின் ஆறு வயது மகள் ஷிஹோவுக்கும். பள்ளி விட்டதும் அந்தச் சிறுமி கடைக்குத்தான் வருவாள். மறுநாளே தொகுனாகா நான்கையும் திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றிலும், கையெழுத்துக்குப் பதிலாக அங்கே குத்தும் சிவப்புப் பெயர் முத்திரை இருந்தது. எழுத்து நான்கிலும் ஒரே கையாக இருந்ததைச் சட்சுகி பார்த்தாள். முதலாளி எழுதியிருப்பார், அவரவர் குத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கோப்பில் வைத்தாள்.

படமெடுத்த அன்று கடையில் நெரிசல். சிகுசா எண்ணெய்ச் சட்டியைவிட்டு நிமிரவில்லை. ஷிஹோ பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, நான் வந்துட்டேன்!" என்று கத்தியபோது மட்டும் திரும்பிச் சிரித்தாள். காணொளியில் மிக அழகான பன்னிரண்டு நொடிகள் அவைதான். முத்திரை இருந்ததால் சட்சுகி எதையும் மங்கலாக்கவில்லை.

காணொளி வெளியான எட்டாம் நாள் காலையில், எண்ணெய் வாசனையோடு சிகுசா சங்கத்தின் மாடியறைக்கு ஓடிவந்தாள்.

"அதை எடுத்துடுங்க. இப்பவே."

காரணம் கேட்பதற்கு முன்பே சட்சுகி காணொளியை நீக்கினாள். பிறகு சிகுசா, காணொளிக்குக் கீழே வந்திருந்த ஒரு கருத்தைத் தன் கைபேசியில் படம்பிடித்து வைத்திருந்ததைக் காட்டினாள். "இது எங்க சிகுசாதானே? குழந்தை எவ்வளவு வளந்துட்டா!" எழுதியவள் அவளுடைய நாத்தனார்.

"அந்த ஆளுகிட்டேருந்து தப்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. நகராட்சி ஆபீஸ்ல எங்க விலாசத்தை யாருக்கும் சொல்லமாட்டாங்க. படிவம் குடுக்காதவங்க முகத்தை மறைச்சுடுவீங்கன்னு நம்பித்தான் இருந்தேன். நீங்க கடைப் பேரோட போட்டுட்டீங்க."

"ஆனா நீங்க முத்திரை..." என்று தொடங்கிய சட்சுகி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

தொகுனாகாவை அழைத்தார்கள். அவர் சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்தார்.

"வருகைப் பதிவுக்குன்னு எல்லாரோட முத்திரையும் இழுப்பறையிலதானே கிடக்குது. வேலை நேரத்துல ஒவ்வொருத்தரையா எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே குத்திட்டேன். சட்டியத்தானே எடுக்கப்போறாங்கன்னு நினைச்சேன்." அவர் சிகுசாவின் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா, நிஷியோ-சான்."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன், முதலாளி. காரணம் எதுக்குச் சொல்லணும்?"



அன்றே மூவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். வேறு இரண்டு இணையப் பக்கங்களில் அந்தக் காணொளியின் துண்டுகள் இருந்தன. சட்சுகி இரண்டுக்கும் எழுதினாள். ஒன்று நீங்கியது. மற்றதிலிருந்து பதிலே வரவில்லை. அந்தத் தளத்துக்குப் புகார் எழுதிவிட்டுக் காத்திருந்தாள்.

அதற்கு நான்காம் நாள் கடைக்குத் தொலைபேசி வந்தது. கடை எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று ஓர் ஆண்குரல் மரியாதையாகக் கேட்டது. கூட வேலைசெய்யும் பெண் ஆறு மணி என்றாள். பக்கத்தில் நின்ற சிகுசாவுக்கு அந்தக் குரல் கேட்டது, யாருடையது என்றும் தெரிந்துவிட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் பள்ளிக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, ஊரைவிட்டுப் போகுமுன் சிகுசா மாடியறைக்கு வந்து படிவங்களைக் கேட்டாள். சட்சுகி தலைகுனிந்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். சிகுசா நின்றபடியே முதன்முறையாக அவற்றைப் படித்தாள்.

"ஷிஹோ பேருக்கு, ஒலி ஒண்ணா இருக்கிற வேற எழுத்தைப் போட்டிருக்காரு. எந்த அம்மாவாவது தன் பொண்ணு பேரைத் தப்பா எழுதுவாளா?"

"நான் கவனிக்கலை. என்னை மன்னிச்சிடுங்க."

"அவளுக்கு இந்தப் பள்ளிக்கூடம் ரொம்பப் புடிச்சிருந்துச்சு" என்றாள் சிகுசா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கீழே அறிவிப்புத் தட்டிக்குப் பக்கத்தில் ஷிஹோ முகக்கவசமும் தொப்பியும் போட்டு நின்றிருந்தாள். எந்த ஊர் என்று சட்சுகி கேட்கவில்லை. கேட்கும் உரிமை அவளுக்கு இல்லை.