நான்காவதாக உள்ளே போனவள்

மேட்டுப்பட்டி ஷைனிக்குக் கொடுக்கத் தெரிந்த அளவுக்கு வைத்துக்கொள்ளத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே அப்படித்தான். பரீட்சைக்கு முந்தின நாள் தன் நோட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு, இவள் சும்மா உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து படிப்பாள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று அவள் அம்மா இஞ்ஞாசியம்மாள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்பா இருதயநாதன் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மினி லாரி ஓட்டினவர். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியபின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அம்மா நூல் மில்லில் வேலை பார்த்துத்தான் வீடு நடந்தது. ஷைனி வத்தலக்குண்டு சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கடைசி வருஷம். அந்த வருஷம் கோயம்புத்தூரிலிருந்து ஒரே ஒரு கம்பெனி, ஆஸ்பத்திரிகளின் புள்ளிவிவரங்களை அலசிக் கொடுக்கும் கம்பெனி, ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டு பேரை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தது. ஒழுங்காகச் செய்தால் அங்கேயே வேலை.

அம்மா வீட்டில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"இது கெடச்சா கோயமுத்தூரு போ, நான் தடுக்கல. கெடைக்கலேன்னா பரிச்ச முடிஞ்சதும் மில்லுக்கு வா. சூப்பர்வைசர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். என்னால ஒத்தையா இழுக்க முடியலத்தா."

இதில் கோபிக்க என்ன இருக்கிறது? ஷைனிக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மில்லிலிருந்து திரும்பும் அம்மாவின் தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் அவள்.

வேலைவாய்ப்புப் பொறுப்பு பிராங்கிளின் சாருக்கு. புள்ளியியல் பாடமும் அவர்தான். மாணவிகள் எல்லாருக்கும் ஒரே கவலை: ஒரு நாள்கூட எங்கும் வேலை பார்த்ததில்லை, அனுபவம் என்ன என்று கேட்டால் எதைச் சொல்வது?

"அனுபவம் இல்லேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார் அவர். "ப்ராஜெக்ட் செஞ்சிருக்கீங்க, முகாமுக்குப் போயிருக்கீங்க, பாடம் படிச்சிருக்கீங்க. அதான் உங்க அனுபவம். நெலம என்ன, அதுல உங்க பொறுப்பு என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, கடைசில என்ன ஆச்சு. இந்த வரிசையில சொல்லுங்க. எது தப்பாப் போச்சுன்னும் சொல்லுங்க. டீமா செஞ்சத சொல்லும்போது உங்க பங்கை மட்டும் சொல்லணும். அடுத்தவங்க பங்குல கைவைக்காதீங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது பாதிப் பேர் பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஷைனியின் ப்ராஜெக்ட் டீமில் நாலு பேர்: டெய்சி, ஜெஸ்ஸி, மகேஸ்வரி, ஷைனி. மல்லிகைப்பூ விலை நாளைக்கு என்னவாக இருக்கும் என்று முன்கூட்டிக் கணிக்கும் ப்ராஜெக்ட். நாலு பேர் பெயரில் இருந்தாலும் இழுத்தது ஒரே மாடுதான். கண் தெரியாத அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் மாதக்கணக்கில் விலையைக் குறித்துக்கொண்டு வந்தது ஷைனி. கணக்குப் போட்டது ஷைனி. ஆனால் அவளிடம் லேப்டாப் கிடையாது. டெய்சி முகம் சுளிக்காமல் தன்னுடையதைக் கொடுத்து வைத்திருந்தாள். மத்தியானச் சோறும் பல நாள் டெய்சியின் டப்பாவிலிருந்துதான். அந்த நன்றி ஷைனிக்குக் கழுத்துவரை இருந்தது.

ப்ராஜெக்ட் முதலில் சொதப்பியது. மற்ற நாளெல்லாம் கணிப்பு ஓரளவு ஒத்துவரும், சில நாள் மட்டும் விலை எகிறிக் கணிப்பை மண்ணைக் கவ்வ வைக்கும். வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். அவள் வீட்டில் தொங்குவது கோயில் காலண்டர், அதில் புனிதர்களின் திருநாள் இருக்கும், முகூர்த்த நாள் இருக்காது. ஒரு நாள் டீக்கடையில் தினசரிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குப் பொறி தட்டியது. அந்தப் பொல்லாத நாட்களெல்லாம் கல்யாண முகூர்த்தம். கடைக்காரரிடம் காலண்டரைக் கேட்டு வாங்கிவந்து முகூர்த்த நாட்களையும் கணக்கில் சேர்த்தாள். கணிப்பு வழிக்கு வந்தது. அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

நேர்காணலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரத்தில் மூன்று பேரும் ஷைனி வீட்டுக்கு வந்தார்கள்.

"ஏட்டி, எனக்கு ஒண்ணும் வராதுடி" என்றாள் டெய்சி. "என்னத்தச் சொல்லன்னே தெரியல. நீ சொல்லிக் குடு, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

ஷைனி சொல்லிக்கொடுத்தாள். விலை குறித்த கதை, சொதப்பிய கதை, காலண்டர் கதை, எல்லாம். ஜெஸ்ஸியும் கேட்டுக்கொண்டாள். மகேஸ்வரி, "எல்லாரும் ப்ராஜெக்டையே சொன்னா எப்படி? எனக்கு வேற ஏதாச்சும் குடு" என்றாள். அவளுக்கு அகரம் பக்கத்து நாட்டு நலப்பணி முகாமின் கதை போயிற்று. வீடு வீடாகக் கழிப்பறைக் கணக்கெடுத்தபோது எல்லாப் பெண்களும் "இருக்கு, பொழங்குறோம்" என்றே சொன்னார்கள். பஞ்சாயத்து ஆள் கூடவே வருவதால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டது ஷைனி. அதையும் தூக்கிக் கொடுத்தாள். டீமே நன்றாகச் சொன்னால் டீமுக்கே நல்ல பெயர் என்று நினைத்தாள். இரண்டே இடம் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம்புகிற ஜாதி அவள். நேர்காணல் அறையில் அந்தப் பழமொழி செல்லாது.

டீம் டீமாக, பெயரின் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் கூப்பிட்டார்கள். டெய்சி முதலில் போனாள். வெளியே வந்தபோது முகமெல்லாம் பல்.

"நீ சொன்னது அம்புட்டும் அப்படியே வந்திருச்சுடி" என்று ஷைனியைக் கட்டிக்கொண்டாள். ஜெஸ்ஸி போய் வந்தாள். மகேஸ்வரி போய் வந்தாள். அப்புறம் ஷைனி.

உள்ளே இரண்டு பேர். கிதர் முகம்மது என்று பெயர் அட்டை மாட்டியிருந்த ஒருவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மா. ஷைனி சார் சொன்ன வரிசையில், நிலைமையிலிருந்து ஆரம்பித்தாள்.

"எங்கப்பா பூ மார்க்கெட்டுல வண்டி ஓட்டுனவரு சார். வெல தெரியாம வெவசாயிங்க நஷ்டப்படுறத..."

கிதர் முகம்மது பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க அப்பாவுமா?"

ஷைனிக்குப் புரியவில்லை.

"முதல்ல வந்த பொண்ணு, டெய்சி. அவங்க அப்பாவும் மார்க்கெட்ல வண்டிதான் ஓட்டினாராம். சர்க்கரையில கண்ணு போச்சாம்."

டெய்சியின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது.

ஷைனி கதையைக் கொடுத்தாள், அது சரி. அப்பாவை எப்போது கொடுத்தாள்?

"காலண்டர் விஷயத்தை ரெண்டு பேர் சொல்லிட்டாங்க" என்றார் கண்ணாடி அம்மா. குரலில் கோபமில்லை, அலுப்புத்தான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது யாரு செஞ்சது?"

கேள்வி நேராகவே வந்தது. நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்த டீக்கடை, எந்த மாதம் கணிப்பு எப்படிச் சறுக்கியது என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் உண்மை தானாக வெளியே வந்திருக்கும். ஆனால் சொன்னால் டெய்சி பொய்க்காரியாவாள். லேப்டாப் ஞாபகம் வந்தது, சோற்று டப்பா ஞாபகம் வந்தது. பாழாய்ப்போன நன்றிதான் பதில் சொன்னது.

"எல்லாரும் சேந்து செஞ்சதுதான் மேடம்."

"அதுல உங்க பங்கு?"

"எல்லாத்துலயும் இருந்தேன் மேடம்."

இதைவிட மோசமான பதில் ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. கேட்டவர்கள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

"சரி, ப்ராஜெக்டை விடுங்க. க்ளப், முகாம் ஏதாவது?"

முகாமை எடுத்தால் சற்றுமுன் மகேஸ்வரி சொன்னது. ஷைனி, கோயில் பாடற்குழுவில் பாடுவேன் என்றாள். கடைசியில் அந்த அம்மா பாடத்தில் ஒன்று கேட்டார்: சில நாள் மட்டும் விலை தாறுமாறாக ஏறினால், வழக்கமான விலை இது என்று சொல்லச் சராசரியை எடுப்பீர்களா, வரிசையில் நடுவில் நிற்கும் மீடியனையா? ஷைனி மீடியன் என்றாள், சரியான காரணமும் சொன்னாள். ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

டெய்சியையும் மகேஸ்வரியையும் எடுத்தார்கள். யார் முதலில் சொன்னாளோ அவள்தான் செய்தவள் என்று ஆயிற்று. கம்பெனிக்காரர்களைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், பதில் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

பிராங்கிளின் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ப்ராஜெக்டை யார் செய்தது என்று அவருக்குத் தெரியும்.

"ஏம்மா நீ சொல்லல?"

ஷைனி அதற்குப் பதிலாக இன்னொன்று கேட்டாள். "இப்ப நீங்க சொல்லலாமா சார்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொன்னா ரெண்டு பேரையும் நீக்கிருவாங்க. உன்னைய எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. பொய் சொல்ற காலேஜுன்னு அடுத்த வருசம் இந்தப் பக்கமே வர மாட்டாங்க. பின்னால வர்ற பிள்ளைங்கள நினைச்சுப் பாரு."

பின்னால் வருகிற பிள்ளைகளுக்காகவும் கொடுக்க வேண்டியிருந்தது. சரிங்க சார் என்றாள். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் கைவிடும்போதுதான் கேட்க நாதியில்லாமல் போகிறது.

வீட்டில் அப்பா, "என்னம்மா கேட்டாங்க?" என்றார். "ஒங்களப் பத்தித்தான்ப்பா" என்றாள். அவர் அதை நல்லபடியாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு அவளுக்கு வந்த அழுகையை அவர் பார்க்கவில்லை. கண் தெரியாததில் அந்த ஒரு சௌகரியம்.

பரீட்சை முடிந்து அம்மா ஏறுகிற அதே மில் வேனில் ஷைனியும் ஏற ஆரம்பித்தாள். சாயங்காலம் வீடு திரும்பினால் இரண்டு தலையிலும் பஞ்சு.

ஒரு மாதம் கழித்து, வேனுக்காகக் காத்து நிற்கையில் டெய்சி போனில் கூப்பிட்டாள்.

"ஷைனி, செத்த நேரம் பேசலாமா? ஒரு ஆஸ்பத்திரில சில நாள் மட்டும் கூட்டம் எகிறுதுடி. நீதான் காலண்டர்ல கண்டுபிடிச்சவளாச்சே, இதையும் பாருன்னு குடுத்துட்டாங்க. எங்கருந்து ஆரம்பிக்கிறது?"

ஷைனி சொன்னாள். எகிறுகிற நாட்களைத் தனியாக எடு, அந்த ஊர்ச் சந்தை நாளா, திருவிழாவா, அரசாங்க மருந்து கொடுக்கிற நாளா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடு. சொல்லச் சொல்ல அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. அந்த உற்சாகம்தான் அவளை அறுத்தது.

வேன் திருப்பத்தில் தெரிந்தது. அம்மா கையைக் காட்டினாள்.

"ரொம்ப தேங்க்ஸ்டி" என்றாள் டெய்சி. "அப்பா எப்படி இருக்காரு, கண்ணு பரவால்லையா?"

"யாரோட அப்பா?" என்று கேட்டாள் ஷைனி.

பதிலுக்கு நிற்காமல் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் வேனில் ஏறினாள்.