புதன்கிழமை ஒன்பது மணி

லூயிஷாம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லாபைப் பார்க்கிற வேலை எனக்கு. மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணியென்றால் இன்டர்நெட் படுத்துவிடும். அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வெளிவரும் விண்டோஸ் அப்டேட்டை இருபது மெஷினும் ஒரே நேரத்தில் இழுக்கும். எங்கள் லைன் ஒல்லி. மாணவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

பெரிய கெட்டிக்காரியாக, வரிசைக்கு ஐந்து மெஷின், நடுச்சாமத்திலிருந்து மணிக்கொரு வரிசை என்று நேரம் பிரித்துவைத்தேன். அடுத்த மாதப் புதனும் அதே கூத்து. செட்டிங்ஸைத் தலைகீழாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

அன்று பின்னேரம் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தால், ஜேர்மனியிலிருந்து வந்த தமிழரான எங்கள் கேர்டேக்கர் தம்பி மெஷின்களின் சுவர் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் அக்கா. கரண்ட் வீணாப் போகுதெல்லோ."

இரவில் செத்துக் கிடந்த இருபதும் காலையில் ஒன்றாக விழித்து ஒன்றாக இழுத்திருக்கின்றன.

அவரோடு சண்டை பிடிக்கவில்லை. பழைய மெஷின் ஒன்றை மூலையில் வைத்தேன். அது மட்டும் இரவில் அப்டேட்டை ஒருமுறை இறக்கிவைக்கும். காலையில் மற்றவை அதனிடம் வாங்கிக்கொள்ளும், வெளி லைனைத் தொடா. அதன்மேல் தமிழில் எழுதி ஒட்டினேன்: "இதை நிப்பாட்ட வேண்டாம்."

அடுத்த மாதப் புதன் லைன் பறந்தது. தாளின் அடியில் அவருடைய கையெழுத்து: "ஓம் அக்கா. என்னட்ட முதலே கேட்டிருக்கலாம்."